பய மீட்டர் எகிறினால் பாதியாகக் குறை

2024 ஜூன் 4. மக்களவைத் தேர்தலில் வாக்கு எண்ணிக்கை நடந்த நாள். ஆளும் கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை இல்லை என்பது தெளிவாகத் தெளிவாக, நிஃப்டி ஒரே நாளில் 1,379 புள்ளிகள் சரிந்து 21,884.50-ல் முடிந்தது. ஏறக்குறைய 6 சதவீதம். முந்தைய நாள்தான் கருத்துக்கணிப்பை நம்பி 3 சதவீதத்துக்கு மேல் ஏறி, 23,263.90-ல் நின்றிருந்தது. மூன்றே நாளில், ஜூன் 7 அன்று, விழுந்ததெல்லாம் எழுந்து 23,290-ல் முடிந்தது.

அந்த வாரம் ஃபியூச்சர்ஸ் கையில் வைத்திருந்தவர்களில் ஒரு சாரார் ஒரு கண்ணை எப்போதும் ‘இந்தியா விக்ஸ்’ மேல் வைத்திருப்பவர்கள். நிஃப்டி ஆப்ஷன்களின் விலையிலிருந்து தேசியப் பங்குச் சந்தை கணக்கிட்டு வெளியிடும் எண் அது. அடுத்த 30 நாளில் நிஃப்டி எவ்வளவு ஆடும் என்று ஆப்ஷன் வாங்குவோரும் விற்போரும் நினைக்கிறார்களோ, அதை வருடக் கணக்கிலான சதவீதமாகச் சொல்கிறது. ஏறும், இறங்கும் என்றெல்லாம் அது சொல்லாது. எவ்வளவு ஆடும் என்று மட்டும்தான். ஆனால் பயம் வந்தால் எல்லோரும் பாதுகாப்புக்கு ஆப்ஷன் வாங்க ஓடுவதால் பிரீமியம் எகிறும், விக்ஸும் கூடவே எகிறும். அதனால்தான் ‘பய மீட்டர்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

இந்த எண்ணை நாள் கணக்குக்கு மாற்ற 16-ஆல் வகுத்தால் போதும். வருடத்துக்குச் சுமார் 250 வர்த்தக நாள்; அதன் வர்க்கமூலம் 16-ஐ ஒட்டி வரும். விக்ஸ் 12 என்றால் நாளுக்கு முக்கால் சதவீதம். நிஃப்டி 23,000-ல் இருந்தால் 172 புள்ளி. மூன்றில் இரண்டு நாள் ஆட்டம் அதற்குள் அடங்கும் என்பது சந்தையின் எதிர்பார்ப்பு. அப்போது ஒரு லாட் என்பது 25; ஆக ஒரு லாட்டுக்குச் சுமார் 4,300 ரூபாய் ஆட்டம். நாலு லாட் வைத்திருப்பவர் தினமும் 17,000 ரூபாயை ஒட்டிய ஏற்ற இறக்கத்துக்குத் தயாராக இருக்கிறார் என்று பொருள்.

விக்ஸ் 24 ஆனால்? அதே ஒரு லாட் 8,600 ரூபாய் ஆடும். நாலு லாட்டைத் தொடாமல் வைத்திருப்பவர் தன்னை அறியாமலேயே எட்டு லாட்டுக்கான ரிஸ்க்கைச் சுமக்கிறார். பழைய 17,000-லேயே நிற்க வேண்டுமானால் இரண்டு லாட்டுக்கு இறங்க வேண்டும். விக்ஸை ரிஸ்க் சுவிட்சாகப் பயன்படுத்துவது என்பது இவ்வளவுதான். சாதாரண நாளில் இருக்கும் விக்ஸை அடிப்படையாக வைத்து, இன்றைய விக்ஸால் வகுத்து, வழக்கமான லாட்டோடு பெருக்குவது. பின்னம் வந்தால் கீழே இறக்கிக்கொள்வது.

இதை அந்தத் தேர்தல் வாரத்தில் ஓட்டிப் பார்ப்போம். 12 அடிப்படை, நாலு லாட் உச்சவரம்பு. ஏப்ரல் கடைசியில் 10-ஐ ஒட்டி இருந்த விக்ஸ், மே முழுக்க ஏறி மாதக் கடைசியில் 24-ஐத் தாண்டியது. கருத்துக்கணிப்பு வந்ததும் ஜூன் 3 அன்று 21-க்கு அருகே இறங்கியது. கணக்கு 2.3, ஆக இரண்டு லாட். மறுநாள் சரிவில் அவருக்கு நஷ்டம் சுமார் 69,000 ரூபாய். நாலு லாட்காரருக்கு 1,38,000. அன்று மாலை விக்ஸ் 27-ஐ ஒட்டி முடிந்தது. விதிப்படி ஒரே லாட். அடுத்த நாள் நிஃப்டி 736 புள்ளி எழுந்தபோது அந்த ஒரு லாட்டுக்கு 18,400 வந்தது. விக்ஸ் 19-க்கு இறங்கியதும் மறுபடி இரண்டு லாட்; ஜூன் 7 வரை இன்னும் 33,500. கூட்டிக் கழித்தால் சுமார் 17,000 ரூபாய் நஷ்டம்.

எதையும் தொடாமல் நாலு லாட்டோடு உட்கார்ந்திருந்தவர்? ஜூன் 7 அன்று 2,600 ரூபாய் லாபம்!

இந்த இடத்தில்தான் பலர் விக்ஸ் விதியைத் தூக்கி எறிகிறார்கள். அவசரம் வேண்டாம். நாலு லாட்டுக்கு மார்ஜின் மட்டும் அன்று 2 லட்சத்துக்கு மேல். கணக்கில் 3 லட்சம் வைத்திருந்தவருக்கு ஜூன் 4 மாலை மிச்சம் 1,62,000. பணம் கட்டச் சொல்லி புரோக்கரிடமிருந்து அழைப்பு வரும். கட்டாவிட்டால் அவர்களே பொசிஷனை முடித்துவிடுவார்கள். மூன்று நாள் கழித்து நிஃப்டி எங்கே போனால் அவருக்கென்ன? பாதி லாட்காரர் கொடுத்த 17,000 அந்த நிலை வராமல் இருக்கக் கொடுத்த விலை.

அந்த விலைக்கு முழுப் பலன் கிடைத்தது 2020-ல். பிப்ரவரி 28 அன்று விக்ஸ் 20-ஐத் தாண்டி முடிந்தபோது நிஃப்டி 11,201. மார்ச் 23 அன்று 7,610. இடையில் 32 சதவீதம் போயிருந்தது. ஆனால் அங்கேயும் ஒரு முடிச்சு உண்டு. ‘20-க்கு மேல் போனால் வெளியே, கீழே வந்தால் உள்ளே’ என்று ஒரே கோடு போட்டிருந்தவருக்கு, ஜூலை கடைசியில் நிஃப்டி பழைய 11,200-ஐத் தாண்டியபோதும் விக்ஸ் 20-க்கு மேலேயே இருந்தது. பாதாளத்தைப் பார்க்காமல் தப்பினார். மலிவாக வாங்கும் வாய்ப்பும் கைக்கு வரவில்லை. சுவிட்ச் லாபம் தேடித் தராது, ஆட்டத்தை மட்டுப்படுத்தும். அதைவிட அதிகம் எதிர்பார்ப்பவர் ஏமாறுவார்.

முழுதாக அணைக்கும் சுவிட்சைவிடப் படிப்படியாகக் குறைப்பதே மேல் என்று நான் சொல்வதற்குக் காரணமும் அதுதான். கோடு போட்டே ஆக வேண்டுமென்றால் இரண்டு கோடு போடுங்கள்: 20-ல் குறைத்து, 17-க்குக் கீழ் வந்த பிறகே கூட்டுவது. இல்லாவிட்டால் விக்ஸ் 19.8, 20.3 என்று ஊசலாடும் வாரத்தில் வாங்கியும் விற்றும் புரோக்கரேஜுக்கே உழைக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று, நாள் முடிவில் வரும் எண்ணை மட்டும் பாருங்கள். 2024 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்காவின் விக்ஸ் சந்தை திறப்பதற்கு முன்பே 65-ஐத் தாண்டியது. பயம் உண்மைதான், ஆனால் அந்த நேரத்தில் தூரத்து ஆப்ஷன்களில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி பெரிதாக விரிந்திருந்ததும் எண்ணை ஊதிவிட்டது. மாலையில் 38.57-ல் முடிந்தது. 65-ஐப் பார்த்து எல்லாவற்றையும் விற்றவர் அன்றைய மோசமான விலைகளில் விற்றவர்.

விக்ஸ் எகிறும் நாளே நஷ்டம் வந்த நாளாகவும் இருக்கும். முதல் அடியை எந்த விதியும் தடுக்காது. ஜூன் 3 அன்று மீட்டர் இறங்கியதையும், மறுநாள்தான் பெரிய சரிவு வந்ததையும் பார்த்தோம். ஆப்ஷன் விற்பவர்களுக்கு இது இன்னும் கறார். விக்ஸ் எகிறிய பிறகு குறைப்பது என்றால், விற்றதை உச்ச விலையில் திரும்ப வாங்குவது. அவர்கள் ஆரம்பத்திலேயே குறைவாக விற்பதைத் தவிர வழியில்லை. விக்ஸ் 10-ல் கிடக்கும்போது சூத்திரம் ‘இன்னும் வாங்கு’ என்று சொல்லும். அதற்காகத்தான் நாலு லாட் உச்சவரம்பு.

மாதாமாதம் எஸ்ஐபி போடுபவர்கள் இதையெல்லாம் படித்து விக்ஸைப் பார்த்துக் கட்டணத்தை நிறுத்தக் கிளம்ப வேண்டாம். கடன் வாங்காமல், மார்ஜின் இல்லாமல் பத்து வருடத்துக்குப் போடுபவருக்கு இந்த சுவிட்ச் தேவையே இல்லை. ஃபியூச்சர்ஸ் கையில் உள்ளவர்கள் அடிப்படை விக்ஸ் எது, எத்தனை லாட் உச்சம், எந்த எண்ணில் திரும்பக் கூட்டுவது என்ற மூன்றையும் சந்தை அமைதியாக இருக்கும் ஒரு வாரத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள்.