இருபது டன் நெல்லில் எவ்வளவு தண்ணீர்?

குறுவை அறுவடை மழையில் சிக்கிய நாளில், டெல்டா அரிசி ஆலை ஒன்றின் எடைமேடையில் 20 டன் நெல் ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஏறக்குறைய 4 டன் வெறும் தண்ணீர். மணிக்குள் இருக்கும் அந்தத் தண்ணீரைக் கணக்கால் பிரித்தெடுப்பதுதான் அன்றைய கொள்முதல் அறிக்கையின் வேலை.

லாரியை லோடோடு ஒரு முறை, காலியாக ஒரு முறை நிறுக்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் சாக்கின் எடையையும் கழித்தால் நெல்லின் நிகர எடை. ஈரப்பதத்தைச் சொல்வது கையடக்கக் கருவி. உலர்ந்த தானியத்தைவிடத் தண்ணீர் மின்புலத்துக்குப் பல மடங்கு வலுவாக எதிர்வினை காட்டும்; அந்த வேறுபாட்டை அளந்தே பல கருவிகள் விழுக்காட்டைக் காட்டுகின்றன.

அன்று வந்தவை மூன்று லோடுகள்: 12,000 கிலோ 22 விழுக்காட்டு ஈரத்தில், 5,000 கிலோ 17 விழுக்காட்டில், 3,000 கிலோ 15 விழுக்காட்டில். மூன்று அளவுகளையும் கூட்டி மூன்றால் வகுத்தால் சராசரி 18 வருகிறது. பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் தவறு. பெரிய லோடுதான் அதிகம் நனைந்தது என்பதை இந்தச் சராசரி மறைத்துவிடுகிறது.

சரியான வழி, ஒவ்வொரு சீட்டிலும் தண்ணீர் போக எஞ்சும் உலர்பொருளைக் காண்பது. முதல் லோடில் நூற்றுக்கு 78 பங்கு, அதாவது 9,360 கிலோ. மற்றவற்றில் 4,150, 2,550. மொத்தம் 16,060 கிலோ. அப்படியானால் உண்மைச் சராசரி ஈரம் 19.7 விழுக்காடு.

அரைவைக்கு நெல்லை 14 விழுக்காட்டுக்குக் காயவைப்பார்கள். அப்போது உலர்பொருள் நூற்றுக்கு 86 பங்கு என்பதால், 16,060-ஐ 0.86 ஆல் வகுத்தால் 18,674 கிலோ. 18 என்ற சராசரியை நம்பியிருந்தால் 19,070 கிலோ என்று எழுதியிருப்போம். இல்லாத நெல் 400 கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு! விதைத்து அறுத்தவருக்குப் பணம் கொடுக்கும் கணக்கில் இது சின்ன விஷயமில்லை.

22-இல் 14 போக 8 விழுக்காடு எடை குறையும் என்று கழிப்பவர்களும் உண்டு. காயும்போது மொத்த எடையும் சுருங்குவதால், உண்மையில் குறைவது 9.3 விழுக்காடு.

நள்ளிரவை ஒட்டி வரும் லாரி இன்னொரு சிக்கல். லோடு எடை ஒரு தேதியில், காலி எடை மறுநாளில் விழும். காலி எடை பதிவான தேதியிலேயே அந்தச் சீட்டைச் சேர்ப்பது என்று முன்பே முடிவு செய்துவிட்டால், ஒரே லோடு இரண்டு அறிக்கைகளில் ஏறாது.

காய்ந்த நெல்லைத் திரும்ப நிறுக்கும்போது, பதரும் தூசியும் போனதைக் கணக்கில் கொண்ட பிறகும் 18,674-க்குப் பல நூறு கிலோ குறைந்தால், முதலில் மாதிரி எடுத்த விதத்தை விசாரிக்க வேண்டும். மேலடுக்குச் சாக்குகளில் மட்டும் குத்தூசி விட்டிருந்தால், வழியில் காற்றும் வெயிலும் பட்டுக் காய்ந்த நெல்லைத்தான் கருவி அளந்திருக்கும்.