ஆளுக்கு எத்தனை கிராம் பருப்பு?

"ஆறு பேருக்குச் சாம்பார் வைக்க எவ்வளவு பருப்பு போடுவது?" என்று கேட்டால் பெரும்பாலான அம்மாக்கள் "ஒரு கைப்பிடி கூட" என்பார்கள். அந்தக் கைப்பிடியைத் தராசில் நிறுத்துப் பார்த்தால், சாம்பாருக்குப் பெரியவர் ஒருவருக்கு ஏறக்குறைய 30 கிராம் துவரம்பருப்பு வருகிறது. நெய் விட்டுப் பிசையும் கெட்டிப் பருப்பு என்றால் 40 கிராம் வேண்டும். காய் நிறைந்த கூட்டுக்குப் பாசிப்பருப்பு 20 கிராமே போதும்.

200 மில்லி டம்ளரில் தலைதட்டி அளந்தால் துவரம்பருப்பு சுமார் 170 கிராம் இருக்கும். ஆறு பேர் சாம்பாருக்கு 180 கிராம், அதாவது ஒரு டம்ளரும் சிறிது மேலும். குக்கரில் இதற்கு மூன்று மடங்கு தண்ணீர் விட்டால் மத்தால் கடையும் பதம் வரும். பாசிப்பருப்பு சீக்கிரம் குழைவதால் அதற்கு இரண்டரை மடங்கு போதும். கடலைப்பருப்பு முழுதாக நிற்க வேண்டியது. அரைமணி ஊறவைத்து இரண்டு மடங்கு விட்டால் சரி.

இந்த மடங்கு எங்கிருந்து வருகிறது? ஊற்றும் நீரில் ஒரு பங்கைப் பருப்பு குடிக்கிறது, மற்றொரு பங்கு ஆவியாகப் போகிறது. பருப்பு குடிப்பது அதன் எடையைப் பொறுத்தது. ஆவியாவதோ பாத்திரத்தின் வாயையும் வேகும் நேரத்தையும் பொறுத்தது. ஆகவே வீட்டுக் கணக்கை அப்படியே பெருக்கினால் பெரிய அண்டாவில் பருப்பு நீர்த்துவிடும்.

பள்ளி மதிய உணவை எடுத்துக்கொள்வோம். தமிழகத்தில் 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். இன்று மத்திய அரசின் மதிய உணவு விதிப்படி ஐந்தாம் வகுப்பு வரை ஒரு குழந்தைக்கு 20 கிராம் பருப்பு, ஆறு முதல் எட்டு வரை 30 கிராம். சிறியவர் 50 பேர், பெரியவர் 40 பேர் என்றால் 1 கிலோவும் 1.2 கிலோவும் சேர்ந்து 2.2 கிலோ, நம் டம்ளரில் பதின்மூன்று. மூன்று மடங்கு என்றால் ஏறக்குறைய 8 லிட்டர் ஆகும். ஆனால் இரண்டரை மடங்கான 6½ லிட்டரில் தொடங்கி, மூடி வேகவிட்டு, குறைந்தால் கொதிநீரைச் சேர்ப்பதே நல்லது. பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கொதி அடங்கி நேரம் நீளும்.

இனி ஒரு சங்கதி. விழுப்புரத்தில் எங்கள் வீட்டுப் போர் தண்ணீர் உப்பு. திண்டிவனத்தில் பாட்டி வீட்டுக் குழாய்த் தண்ணீர் அப்படியில்லை. ஒரே மூட்டைப் பருப்பு அங்கே மூன்று விசிலில் மசிகிறது, இங்கே ஐந்து கேட்கிறது. உப்புநீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து பருப்பின் சுவர்களை இறுக்கிவிடுவதே காரணம். பழைய பருப்பும் இப்படித்தான் அடம் பிடிக்கும். இரண்டுக்கும் நீரைக் கூட்டிப் பயனில்லை. ஊறவைப்பதும் நேரத்தைக் கூட்டுவதுமே வழி. சோடா உப்பு போட்டால் வேகும், ஆனால் பி1 வைட்டமின் கெடும். புளியையும் வெந்த பிறகுதான் ஊற்ற வேண்டும், புளிப்பும் பருப்பை வேகவிடாது. ஒரு பருப்பை விரலால் நசுக்குங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இன்னும் வேகவில்லை.