காற்றில் ஆடும் அட்டையை மறைப்பது எப்படி?

ராமேசுவரம் போகிறவர்கள் பாம்பன் பாலத்தைப் படம் பிடிக்காமல் திரும்புவது இல்லை. 2025 ஏப்ரல் 6-ந் தேதி புதிய தூக்குப் பாலம் திறக்கப்பட்ட பிறகு கேட்கவே வேண்டாம்! சாலைப் பாலத்தின் ஓரத்தில் கூட்டம். கைக்குக் கை செல்போன். ரெயில் ஊர்ந்து வருவதை எடுக்கிறார்கள். அப்படியே திரும்பிக் கடலை எடுக்கிறார்கள். அப்புறம் கரையில் உள்ள கருவாட்டுக் கடையை எடுக்கிறார்கள்.

கடையில் ஓர் அட்டை தொங்குகிறது. பணம் செலுத்தும் கியூ.ஆர். கோடு. அதற்குக் கீழே, கடைக்கார அம்மாளின் செல்போன் நம்பர்.

அந்தப் படம் யூடியூப்பில் ஏறுகிறது. பத்தாயிரம் பேர் பார்க்கிறார்கள். அந்த நம்பரையும்தான்!

"கோடுதானே, அதில் என்ன தெரியும்?" என்று கேட்கலாம். யு.பி.ஐ. கோட்டுக்குள் இருப்பது இது போன்ற ஒரு வரி:

```
upi://pay?pa=9xxxxxxxxx@bank&pn=PEYAR
```

`pa` என்பது பணம் போய்ச் சேரும் முகவரி. பலருக்கு அந்த முகவரியே செல்போன் நம்பர்தான். `pn` என்பது பெயர். இந்தக் கோட்டை வைத்துக்கொண்டு கணக்கில் இருந்து பணத்தை எடுக்க முடியாது. ஆனால், பெயரும் நம்பரும் கிடைத்துவிட்டால், நள்ளிரவில் போன் செய்கிறவனுக்கும், "பாங்கியில் இருந்து பேசுகிறேன்" என்று கதை அளக்கிறவனுக்கும் அது போதும்.

ஆகவே, நல்ல மனம் படைத்தவர்கள் அட்டையை மறைக்கிறார்கள். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

பாதி மறைத்தால் போதுமா?

போதாது. கியூ.ஆர். கோடு 1994-ல் ஜப்பானில் டென்சோ கம்பெனியில் பிறந்தது. தொழிற்சாலையில் அழுக்கும் எண்ணெயும் பட்டாலும் படிக்கவேண்டும் என்று அதை அமைத்தார்கள். அதன் உயர்ந்த வகையில், சுமார் 30 சதவீதம் வரை கெட்டுப்போனாலும், மீதியை வைத்துக் கணக்குப் போட்டு முழுவதையும் மீட்டுவிடலாம். கடை அட்டைகளில் கோட்டின் நடுவிலேயே கம்பெனிச் சின்னத்தை ஒட்டி இருக்கிறார்களே, அப்படியும் அது வேலை செய்வது இதனால்தான். நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு மங்கலாக்கிவிட்டு "மறைத்தாயிற்று" என்று நினைப்பது வீண்.

நம்பர் விஷயமும் அப்படியே. கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் மறைத்தால் மிஞ்சுவது 100 நம்பர்கள். வேலை இல்லாதவன் ஒரு மாலைப்பொழுதில் 100 நம்பருக்கும் போன் செய்து பார்த்துவிடுவான்!

50 டாலர் பந்தயம்

சிறு சிறு கட்டங்களாகக் கலைத்துக் காட்டும் முறை ஒன்று உண்டு. டெலிவிஷன் செய்திகளில் முகத்தை மறைப்பார்களே, அது. படம் அசையாமல் இருந்தால் ஓரளவு சரி. அசைந்தால் ஆபத்து.

2025-ல் அமெரிக்காவின் ஜெப் கீர்லிங் என்ற யூடியூப்காரர் இதைச் சோதித்துப் பார்த்தார். கம்ப்யூட்டர் திரையின் ஒரு பகுதியை இப்படிக் கட்டம் கட்டமாகக் கலைத்து, வீடியோவில் காட்டினார். அதைப் படித்துச் சொல்பவருக்கு 50 டாலர் பரிசு என்றார். ஒரு நாளுக்குள் படித்துக் காட்டிவிட்டார்கள்!

எப்படி? கட்டங்களுக்கு அடியில் எழுத்து நகரும்போது, ஒவ்வொரு பிரேமிலும் எழுத்தின் வேறு வேறு துண்டு கட்டத்துக்குள் விழுகிறது. பல பிரேம்களைச் சேர்த்துக் கூட்டினால், ஒன்றில் இல்லாதது இன்னொன்றில் கிடைத்துவிடுகிறது. பாம்பன் காற்றில் படபடக்கும் அட்டையோ ஒரு நொடிகூடச் சும்மா இருப்பது இல்லை.

அதனால் மங்கலாக்குவதை விட, முழுக் கறுப்பாக அடைத்துவிடுவதே உறுதி. பார்க்க அழகாக இராது. இருக்கட்டும்!

அட்டையின் பின்னால் ஓடும் பெட்டி

கேமரா திரும்புகிறது, அட்டை ஆடுகிறது. மறைக்கும் பெட்டியும் கூடவே ஓடவேண்டும். இதுதான் டிராக்கிங். அட்டையில் உள்ள கறுப்பு வெள்ளை முனைகளைக் கம்ப்யூட்டர் குறித்துக்கொள்கிறது. அடுத்த பிரேமில் அவை எங்கே என்று தேடுகிறது. அங்கே பெட்டியை நகர்த்துகிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். படம் 12 நொடி. நொடிக்கு 30 பிரேம். அட்டை 4-வது நொடியில் தலைகாட்டி, 9-வது நொடியில் மறைகிறது. அதாவது 150 பிரேம். இந்த 150-ல் ஒன்று தவறினாலும், பார்ப்பவன் அங்கே நிறுத்திப் படித்துவிடுவான்.

விலை கொடுக்காமல் கிடைக்கும் டாவின்சி ரிசால்வ் மென்பொருளில் `Color` பக்கத்தைத் திறக்கவேண்டும். அட்டை பெரிதாக, தெளிவாக, நேராகத் தெரியும் பிரேமுக்கு முதலில் போகவேண்டும். பலர் முதல் பிரேமில் தொடங்குவார்கள். அங்கே அட்டை ஓரத்தில் பாதிதான் தெரியும். கம்ப்யூட்டர் பிடிக்க ஒன்றும் இருக்காது. நடுவில் தொடங்குவதே நல்லது.

`Window` பகுதியில் சதுரத்தை எடுத்து அட்டையின் மேல் போடவேண்டும். அட்டையை விட நான்கு பக்கமும் தாராளமாக. காற்றில் அட்டை சாயும் என்பதை மறக்கக் கூடாது. பிறகு `Tracker` பகுதியில் முன்னோக்கி ஒரு முறை ஓடவிட வேண்டும். தொடங்கிய இடத்துக்கே வந்து, பின்னோக்கி ஒரு முறை. கடைசியாக `Gain` சக்கரத்தைப் பூஜ்யம் வரை இறக்கினால், சதுரத்துக்குள் கறுப்பு!

துண்டுக்காரர் போகிறார்

இதுவரை சுலபம். 6-வது நொடியில், தோளில் துண்டு போட்ட ஒருவர் கடைக்குக் குறுக்கே நடக்கிறார். கம்ப்யூட்டருக்கு அட்டை தெரியவில்லை. துண்டின் கரையைப் பிடித்துக்கொள்கிறது. துண்டுக்காரர் போகிற பக்கமெல்லாம் கறுப்புப் பெட்டியும் போகிறது. இங்கே அட்டை வெட்டவெளிச்சமாக நிற்கிறது!

பெட்டி சட்டென்று துள்ளினாலோ, மெல்ல ஒரு பக்கமாக வழுக்கினாலோ இதுதான் காரணம். அவர் குறுக்கே வருவதற்கு முந்திய பிரேமில் ஓட்டத்தை நிறுத்தவேண்டும். அவர் கடந்ததும் மறுபடி தொடங்கவேண்டும். நடுவில் உள்ள பிரேம்களுக்கு `Frame` முறைக்கு மாறி, பெட்டியைக் கையாலேயே வைக்கவேண்டும். அந்த அரை நொடி துண்டுக்காரரின் தோளில் கறுப்புச் சதுரம் தெரியும். தெரிந்தால் என்ன?

ஏற்கெனவே ஏற்றிவிட்டவர்கள் முதலில் படத்தை மற்றவர்கள் பார்க்க முடியாதபடி `Private` ஆக்கவேண்டும். பிறகு யூடியூப் ஸ்டூடியோவின் `Editor` பகுதியில் `Blur`, அதில் `Custom blur`. `Track object` என்றால் பெட்டி பொருளோடு ஓடும். `Fix blur position` என்றால் ஒரே இடத்தில் நிற்கும். அங்கேயும் துண்டுக்காரர் தொல்லை உண்டு. அட்டை போய் வரும் வழி முழுவதையும் அடக்கும் பெரிய பெட்டியை நிலையாக நிறுத்துவது, ஆடும் அட்டைக்குச் சில சமயம் மேல்.

சோதனையை மென்பொருளுக்குள் செய்தால் போதாது. முடித்து வெளியே எடுத்த படத்தையே செய்யவேண்டும். 150 பிரேமையும் ஒவ்வொன்றாகத் தள்ளி, இன்னொரு செல்போனின் கியூ.ஆர். கேமராவைத் திரைக்கு நேராகப் பிடிக்கவேண்டும். ஒரு காட்சி மறைந்து மறு காட்சி தோன்றும் இடத்தில் கூடுதல் கவனம் வேண்டும். இரண்டு காட்சியும் கலந்து தெரியும் அந்த நேரத்தில், பெட்டி இல்லாத பிரேம்கள் அடிக்கடி ஒளிந்திருக்கும்.

படத்தின் முகப்பில் ஒட்டும் சிறு படத்தையும் பார்க்கவேண்டும். அதைப் பெரும்பாலும் மறைப்பதற்கு முந்திய படத்தில் இருந்துதான் வெட்டி எடுக்கிறார்கள்.