கடை வாடகையைப் புதுப்பிக்கும் கடிதம்

ஒரு தையல் கடைக்கு வாடகை 18,000 ரூபாய். உரிமையாளர் 22,000 கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "குறைத்துக்கொள்ளுங்கள் ஐயா" என்று மட்டும் எழுதினால் பேச்சு தொகையிலேயே நின்றுவிடும். வாடகை, காலம், பழுது மூன்றையும் ஒன்றோடொன்று பிணைத்து எழுத வேண்டும்:

"ஐயா, 19,500 ரூபாய் தருகிறேன். ஆண்டுக்கு 5 சதவீதம் கூட்டித் தருகிறேன். 3 ஆண்டு ஒப்பந்தமாகப் பதிவு செய்து தாருங்கள். கூரை ஒழுகுவதை மழைக்கு முன் உங்கள் செலவில் சரிசெய்யுங்கள். சுவிட்ச், குழாய் நான் பார்த்துக்கொள்கிறேன்."

இந்தக் கணக்கில் மூன்றாம் ஆண்டு வாடகை ஏறக்குறைய 21,500 ஆகிவிடும். அவர் கேட்டதை நெருங்குகிறது, ஆனால் படிப்படியாக. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்யாவிட்டால், அந்த 3 ஆண்டு உறுதியை நம்ப முடியாது. ஒழுகும் இடத்தின் படத்தையும் இணையுங்கள். பழைய ஒப்பந்தம் முடிய இரண்டு மூன்று மாதம் இருக்கும்போதே கடிதத்தைக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.