கான்கிரீட் விழுவதற்கு முந்தைய நாள்

சென்ட்ரிங் பலகை அடித்து, கம்பி கட்டி முடித்த மறுநாள் எலக்ட்ரீஷியன் மேலே ஏறுவார். ஃபேனுக்கும் லைட்டுக்கும் பிவிசி பைப்புகளை வளைத்துக் கம்பியோடு கட்டுவார். அதற்கு அடுத்த நாள் கான்கிரீட். பெரிய வீட்டில் எல்லா அறைகளுக்கும் வைஃபை கிடைக்க வேண்டுமானால், அதற்கான பைப்பும் இந்த இடைவெளியில் உள்ளே போய்விட வேண்டும். தவறவிட்டால் பிறகு சுவரோரமாகப் பட்டி அடித்துத்தான் கேபிளைக் கொண்டுபோக முடியும்.

வரவேற்பறை மூலையில் இருக்கும் ஒற்றை ரௌட்டரின் அலை, செங்கல் சுவர்களைத் தாண்டும்போதே நன்றாகத் தேய்ந்துவிடும். கம்பி கட்டிய கான்கிரீட் தளம் அதைவிடக் கடினம். அதனால் மாடிக்குத் தனியாக, மாடியின் கூரையிலேயே, ஆக்சஸ் பாயின்ட் வேண்டும். தட்டு போன்ற இந்தக் கருவியின் அலை கீழும் பக்கவாட்டிலும் குடைபோல விரியும். கூரையில் பிளக் பாயின்ட் இருக்காது. ஆனால் அது தேவையில்லை. தகவல் வரும் அதே ஈதர்நெட் கேபிளில் மின்சாரமும் வந்துவிடுகிறது.

மின்சாரத்தை அனுப்புவது மறுமுனையில் உள்ள ஸ்விட்ச். அது எடுத்த எடுப்பில் முழு மின்னழுத்தத்தைக் கொடுப்பதில்லை. முதலில் 10 வோல்ட் அளவுக்குள் தொட்டுப் பார்க்கும். எதிரே சுமார் 25 கிலோ ஓம் மின்தடை தென்பட்டால்தான் 48 வோல்ட் அளவிலான மின்சாரத்தை விடும். தெரியாமல் ஒரு மடிக்கணினியைச் செருகினாலும் அது கெடாது. 2003-இல் வந்த முதல் தரநிலைப்படி, ஸ்விட்ச் ஒரு துளைக்கு 15.4 வாட் வரை கொடுக்கும். கருவிக்கு உறுதியாகக் கிடைப்பது 12.95 வாட். மீதியை வழியிலேயே கேபிள் சூடாகித் தின்றுவிடலாம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். 2009-இன் தரநிலையில் இது 30 வாட். சற்றுப் பெரிய ஆக்சஸ் பாயின்ட்டுகள் இதைக் கேட்கும்.

கீழும் மேலுமாக ஐந்து படுக்கையறை உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். ஹாலின் கூரை நடுவில் ஃபேன் இருக்கிறது; சுழலும் இறக்கைகளுக்கு மேலே கருவியை வைப்பது வீண். எனவே கீழே அறைகளுக்கு நடுவிலுள்ள நடையில் ஒன்று, சாப்பாட்டு அறைப் பக்கம் ஒன்று. மாடியில் படி ஏறியதும் வரும் கூடத்தில் ஒன்று, பின்புற அறையில் ஒன்று. ஸ்விட்சுக்கு இடம் மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரி.

எலக்ட்ரீஷியனிடம் தெளிவாகச் சொல்ல வேண்டியது இங்கேதான். லைட்டுக்கு ஒரு பாயின்டிலிருந்து அடுத்ததற்கு லூப் எடுப்பது அவருக்குக் கைப்பழக்கம். நெட்வொர்க் கேபிளை அப்படி எடுக்கக் கூடாது. ஒவ்வொரு ஆக்சஸ் பாயின்டிலிருந்தும் தனிக் கேபிள் நடுவில் ஒட்டுப் போடாமல் அலமாரிக்கு வந்து சேர வேண்டும். 230 வோல்ட் வயர் போகும் பைப்பிலும் அதை இழுக்கக் கூடாது. தனிப் பைப், முடிந்தவரை ஓர் அடி தள்ளி. 25 மி.மீ. பைப்பில் இரண்டு கேபிள் தாராளமாகப் போகும். ஒன்று வேலைக்கு, இன்னொன்று என்றாவது பழுதானால் மாற்றுவதற்கு. மூலைகளில் குட்டை எல்போ போட்டால் கேபிள் சிக்கும். அகலமான பெண்ட் போட வேண்டும். வாய்களை அடைக்காவிட்டால் சிமென்ட் பால் இறங்கி உறைந்துவிடும்.

நீளத்தை அளக்கும்போது சுவரில் ஏறும் உயரத்தையும் சேர்க்க வேண்டும். இந்த வீட்டில் நான்கு பாதைகளும் 11, 16, 13, 21 மீட்டர். முனைகளுக்கு மூன்று மீட்டர் வீதம் கூட்டினால் 73. இரட்டைக் கேபிளாக 146. 305 மீட்டர் பெட்டியில் பாதிகூடத் தீராது. 100 மீட்டர் என்ற வரம்பு வீடுகளுக்குக் கவலையே இல்லை.

கவலைப்பட வேண்டியது கேபிளின் உலோகம். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கேபிள் கடைகளில் கிடைக்கிறது. அதன் மின்தடை அதிகம். மின்சாரமும் அதிலேயே போவதால் சூடும் கூடும், சில முறை மடித்தாலே முறிந்தும் விடும். வாங்கும் முன் ஓர் இழையைக் கத்தியால் சுரண்டினால் தெரிந்துவிடும்: உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் வேண்டாம். முழுச் செம்பு கேட்-6 கேபிளுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீணே அல்ல.

பூச்சு வேலை முடிந்து கேபிளை இழுத்ததும் ஒவ்வொன்றையும் ஸ்விட்சில் செருகி, அதன் பக்கத்தில் வேகத்தைப் பார்க்க வேண்டும். கிகாபிட் ஸ்விட்சும் கருவியும் இருந்தும் 1000-க்குப் பதில் 100 காட்டினால், நான்கு ஜோடி இழைகளில் ஏதோ ஒன்று சேரவில்லை என்று பொருள். பெரும்பாலும் குறை முனையில்தான் இருக்கும். வெட்டிவிட்டு மறுபடி கிரிம்ப் செய்தால் சரியாகிவிடும்.

ஸ்விட்ச் வாங்கும்போது அதில் எத்தனை துளை என்பதோடு, மொத்தமாக எத்தனை வாட் கொடுக்கும் என்பதையும் கேட்க வேண்டும். நான்கு கருவிக்கும் தலா 15.4 என்றால் ஏறக்குறைய 62 வாட். ஃபைபர் மோடத்தையும் ரௌட்டரையும் ஸ்விட்சையும் ஒரே யுபிஎஸ்ஸில் இணைத்துவிட்டால், மின்வெட்டிலும் வீடு முழுக்க வைஃபை நிற்காது. கூரையில் இருப்பவற்றுக்குத் தனி ஏற்பாடு எதுவும் வேண்டாம்.

கான்கிரீட் கொட்டும் காலையில் இன்னும் ஒரு வேலை பாக்கி. பைப்புகள் கம்பிமேல் கிடக்கும் நிலையில், பக்கத்தில் அளவு டேப்பை விரித்து, அறை அறையாகப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஐந்து வருடம் கழித்து ஊஞ்சல் கொக்கிக்குக் கூரையில் துளை போட வருபவர் அந்தப் படத்தைத்தான் கேட்பார்.