திரையோரம் நிற்கும் பெயர்ப்பட்டை

மழைநீர் சேகரிப்பை விளக்கும் ஆறு நிமிட வீடியோ ஒன்றை எடுத்துக்கொள்வோம். கட்டுமானப் பொறியாளர் ஒருவர் மொட்டை மாடியில் நின்று பேசுகிறார். குழாய் எங்கே இறங்குகிறது, வடிகட்டியில் சல்லியும் மணலும் எந்த வரிசையில் கிடக்க வேண்டும் என்று காட்டுகிறார். படம் பிடித்தது செல்போன்தான் என்றாலும் காட்சி நன்றாக இருக்கிறது, குரலும் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் பேசுகிறவர் யார், எந்தத் தகுதியில் பேசுகிறார் என்பது கடைசிவரை தெரிவதில்லை. நூறு சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர் தண்ணீர் என்று அவர் சொல்லும் கணக்கும் காதில் விழுந்த வேகத்திலேயே நழுவிப் போகிறது.

இந்த வீடியோவுக்குத் தேவை இரண்டே வேலைகள். ஒன்று, பேசுபவரின் பெயரும் பொறுப்பும் கொண்ட பட்டை. திரையின் கீழ்ப்பகுதியில் வந்து, சில விநாடி நின்று, போய்விடும் அந்தப் பட்டையை எடிட்டர்கள் லோயர் தேர்ட் என்பார்கள். இன்னொன்று, அந்தக் கணக்கைக் கண்ணுக்குக் காட்டும் அசையும் படம். மாதச் சந்தா கட்டி வாங்கும் மென்பொருள்கள் இரண்டுக்கும் வேண்டியதில்லை. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு, ஷாட்கட், கேடென்லைவ் ஆகியவை இதைத் தாராளமாகச் செய்யும். இங்கே கேடென்லைவை வைத்துப் பார்ப்போம். கேடிஈ என்ற கட்டற்ற மென்பொருள் சமூகத்தின் படைப்பு அது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். வெளியிடும் வீடியோவில் முத்திரை எதையும் பதிக்காது.

முதலில் பட்டை. வீடியோவின் அளவு 1920-க்கு 1080 பிக்சல், விநாடிக்கு 25 ஃபிரேம் என்று கொள்வோம். Add Title Clip என்பதைத் திறந்து, 700 பிக்சல் அகலமும் 140 பிக்சல் உயரமும் கொண்ட கருநீலச் செவ்வகம் ஒன்றை வரைய வேண்டும். அதன் இடது ஓரம் திரையின் விளிம்பிலிருந்து 96 பிக்சல் தள்ளி இருக்கட்டும். தொலைக்காட்சித் துறையில் எழுத்துகளைத் திரையின் நான்கு விளிம்புகளிலிருந்தும் ஐந்து விழுக்காடு உள்ளே வைப்பது வழக்கம், அந்தக் கணக்கில் வருவதுதான் இந்த 96. கீழே மட்டும் அதைவிடக் கூடுதலாக, 120 பிக்சல் விடுவது நல்லது. யூடியூபின் வசன வரிகளும் ஓட்டப் பட்டையும் அந்த இடத்துக்குத்தான் போட்டிக்கு வரும்.

எழுத்தின் அளவைக் கணினித் திரையில் பார்த்து முடிவு செய்தால் ஏமாந்துபோவோம். பலர் செல்போனை நிமிர்த்திப் பிடித்தபடியே வீடியோ பார்க்கிறார்கள். அப்போது 1920 பிக்சலும் ஏறத்தாழ ஏழு சென்டிமீட்டர் அகலத்துக்குள் சுருங்கிவிடும். 56 பிக்சலில் வைத்த பெயர் அங்கே இரண்டு மில்லிமீட்டர் உயரத்தைத் தாண்டாது. 38 பிக்சலில் வைத்த பொறுப்பு ஒன்றரை மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடும். அதற்கும் சிறிய எழுத்தைப் போடாமல் இருப்பதே நல்லது. போனைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்துப் படிக்க முடிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது எல்லா விதிகளையும்விட உறுதியான சோதனை.

நிறத்திலும் ஒரு சிக்கல் உண்டு. இணையத்துக்குப் போகும் வீடியோக்கள் பெரும்பாலும் வெளிச்சத்தை முழு நுணுக்கத்தோடும், நிறத்தை அகலத்திலும் உயரத்திலும் பாதியாகக் குறைத்தும் சேமிக்கின்றன. அதனால் நீலப் பட்டையில் மெல்லிய சிவப்பு எழுத்து வைத்தால் அதன் ஓரங்கள் கசிந்து தெரியும். வெள்ளை எழுத்துக்கும் கரும்பட்டைக்கும் உள்ள வேறுபாடு வெளிச்சத்திலேயே இருப்பதால் அது பிழைத்துக்கொள்ளும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை போன்ற இலவச எழுத்துருக்களில் நடுத்தரத் தடிமனைத் தேர்ந்தெடுத்தால் போதும். இரண்டு வரிகளுக்கும் நடுவே ஆங்கிலத்துக்கு விடுவதைவிடச் சற்று அதிக இடம் வேண்டும். இல்லாவிட்டால் மேல்வரியின் ‘கு’, ‘டு’ கீழே இறங்கி, கீழ்வரியின் ‘கி’, ‘டீ’ தலையில் மோதும்.

இனி அசைவு. செய்து முடித்த பட்டையை, பேசுபவரின் காட்சிக்கு மேலுள்ள டிராக்கில் வைத்து, Transform என்ற விளைவைச் சேர்க்க வேண்டும். முதல் ஃபிரேமில் X மதிப்பு −800, பன்னிரண்டாவது ஃபிரேமில் 0 என்று இரண்டு கீஃபிரேம்கள் போட்டால், திரைக்கு வெளியே இருந்த பட்டை அரை விநாடிக்குள் தன் இடத்துக்கு வந்து நிற்கும். திரும்பிப் போக எட்டு ஃபிரேம் போதும். வருவதைக் கண் கவனிக்க வேண்டும், போவதைக் கவனிக்க வேண்டியதில்லை. தலைப்புக்கு அந்த மென்பொருள் தானாகத் தரும் ஐந்து விநாடியில் வரவும் போகவும் ஆன நேரத்தைக் கழித்தாலும் நான்கு விநாடிக்கு மேல் மிஞ்சும். பெயரையும் பொறுப்பையும் மனத்துக்குள் இருமுறை படிக்க அந்த நேரம் போதுமானது.

இதுவரை செய்ததை ஓட்டிப் பார்த்தால் பட்டை ஒரே வேகத்தில் வந்து, சுவரில் முட்டியதுபோல் நின்றுவிடும். கைத்தொழில் பழகாதவர் செய்தது என்பதைக் காட்டிக்கொடுக்கும் இடம் இதுதான். அசைவு வேகமாகத் தொடங்கி, நிற்கும் இடம் நெருங்க நெருங்கத் தணிய வேண்டும். டிஸ்னி ஸ்டூடியோவின் ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-இல் வெளியிட்ட நூலில் தொகுத்த பன்னிரண்டு அனிமேஷன் கொள்கைகளில் இதுவும் ஒன்று. கீஃபிரேமின் வகையை மாற்றினால் இந்தத் தணிவு கிடைக்கும். Smooth என்ற வகையைப் போட்டபின் ஓட்டிப் பார்ப்பது அவசியம். சில பதிப்புகளில் பட்டை தன் இடத்தைக் கொஞ்சம் தாண்டிப்போய்த் திரும்பி வரும். எல்லாக் கீஃபிரேம்களையும் ஒரே வளைகோட்டில் இணைப்பதால் வருவது அது. பட்டை அசையாமல் நிற்க வேண்டிய பகுதியின் தொடக்கக் கீஃபிரேமை மட்டும் Linear ஆக்கினால் அந்த ஆட்டம் அடங்கும்.

பட்டை எப்போது வர வேண்டும்? புதிய முகம் திரையில் வந்தவுடனே அல்ல. பார்ப்பவரின் கண் முதலில் முகத்துக்குத்தான் போகும். ஒரு விநாடி கழித்துப் பட்டை வந்தால் அதையும் படிப்பார்கள். காட்சி மாறுவதற்குள் அது போய்விடவும் வேண்டும். தவறினால் பொறியாளரின் பெயர் அடுத்த காட்சியில் வரும் கொத்தனாரின் மார்பில் போய் நிற்கும்.

தமிழில் எழுத்தை அசைப்பவர்கள் சந்திக்கும் ஒரு தடையைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். தட்டச்சு செய்வதுபோல் எழுத்து ஒவ்வொன்றாகத் தோன்றும் அசைவு பலருக்குப் பிடித்தது. அதில் ‘பொறியாளர்’ என்ற சொல்லைப் போட்டால் என்ன ஆகிறது? நம் கண்ணுக்கு அதில் ஐந்து எழுத்துகள்தாம். கணினிக்கோ ஒன்பது குறியீடுகள், ஏனெனில் உயிர்மெய்யின் குறியையும் புள்ளியையும் அது தனித்தனியாகச் சேமிக்கிறது. ஆகவே திரையில் இப்படித் தோன்றும்:

ப, பொ, பொற, பொறி, பொறிய, பொறியா, பொறியாள, பொறியாளர, பொறியாளர்.

முதலில் வந்த ‘ப’ அடுத்த கணமே தனக்கு முன்னால் கொம்புக்கு இடம்விட்டு வலப்பக்கம் துள்ளுகிறது. ‘ற’ வந்து, பிறகு ‘றி’ ஆகிறது. கடைசியில் ‘ர’ தலையில் புள்ளி வந்து உட்காருகிறது. வேகமாக ஓடினால் எழுத்துகள் நடுங்குவதுபோல் இருக்கும், மெதுவாக ஓடினால் எழுத்துப்பிழை தோன்றித் திருந்துவதுபோல் இருக்கும். கேடென்லைவின் தலைப்புப் பகுதியிலுள்ள தட்டச்சு அசைவில், எழுத்து வாரியாக என்பதற்குப் பதில் சொல் வாரியாக என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. முழு வரியையும் வைத்துவிட்டு, இடமிருந்து வலமாகத் திரை விலகுவதுபோல் வெளிப்படுத்துவது இன்னும் அழகு. எழுத்து முழுதாக இருப்பதால் எதுவும் துள்ளாது.

சில மென்பொருள்களில் அசைவு சேர்ப்பதற்கு முன்பே தமிழ் உடைந்துவிடும். ‘மொ’ என்பதில் கொம்பு ‘ம’வுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும், அல்லது புள்ளிகளாலான வட்டத்தோடு தனியே நிற்கும். புதிய மென்பொருளில் வேலையைத் தொடங்கும் முன் ‘மொழி, கேணி, ஸ்ரீ, தொழில்நுட்பம்’ என்று அடித்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். உடைந்தால் மென்பொருளோடு மல்லுக்கட்ட வேண்டாம். இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் எழுத்தை அமைத்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக எடுத்துக்கொள்ளலாம். படமாகிவிட்ட எழுத்து எங்கே போனாலும் உடையாது. பிழை திருத்த வேண்டுமானால் மட்டும் இங்க்ஸ்கேப்புக்குத் திரும்ப வேண்டும்.

அடுத்து, 5,000 லிட்டர் கணக்கு. இங்க்ஸ்கேப்பில் திரை முழுவதையும் மூடும் வெளிர்நிறப் படம் ஒன்றை வரைந்து, நடுவில் தொட்டியின் வடிவத்தில் 400 பிக்சல் உயரத்துக்கு வெட்டி எடுத்துவிட வேண்டும். இது மேல் டிராக்குக்கு. தொட்டியின் பக்கத்தில் 80 பிக்சலுக்கு ஒன்றாக ஐந்து கோடுகள், ஒவ்வொன்றும் ஆயிரம் லிட்டர். அந்தக் கூரையில் பத்து மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைப்பது சரியாக அந்த ஆயிரம் லிட்டர்தான் என்பதால், கோடுகள் மழையளவையும் சேர்த்தே காட்டிவிடும். கீழ் டிராக்கில், தொட்டியை நிரப்பும் அளவுள்ள நீலச் செவ்வகம். அதன் Y மதிப்பு 400-இல் தொடங்கி, மூன்று விநாடியில், அதாவது 75 ஃபிரேமில், 0-க்கு வரட்டும். வெட்டப்பட்ட இடம் வழியாக நீர் ஏறுவது மட்டுமே தெரியும், மீதியை மேல்படம் மறைத்துவிடும். பட்டைக்கு வேண்டிய தணிவு இங்கே வேண்டாம். ஒரே அளவாகப் பெய்யும் மழையில் நீர் ஒரே வேகத்தில்தான் ஏறும்.

கணக்கின் சொற்களைக் குரலோடு சேர்த்து ஒவ்வொன்றாக வரவிட வேண்டும். பேசுபவர் “நூறு சதுர மீட்டர்” என்னும்போது ‘100 ச.மீ.’ வரட்டும், மழையளவைச் சொல்லும்போது ‘50 மி.மீ.’ வரட்டும், விடை கடைசியில் நீர் ஏறி முடிந்தபின் வரட்டும். மூன்றையும் முதலிலேயே காட்டிவிட்டால் பார்ப்பவர் படித்து முடித்துவிட்டுப் பேச்சைக் கேட்காமல் காத்திருப்பார். விடைக்கு முன்னால் ‘அதிகபட்சம்’ என்று சேர்ப்பது நேர்மை. கூரையை நனைத்தும், சிதறியும், முதல் மழையில் அழுக்கோடு வெளியே விடப்பட்டும் போவது போகத் தொட்டிக்கு வருவது 5,000-ஐவிடக் குறைவாகவே இருக்கும்.

ஒரே தொடரில் பல வீடியோக்கள் செய்பவர்கள் ஒவ்வொரு முறையும் பட்டையைப் புதிதாக வரைய வேண்டியதில்லை. பெயர் வர வேண்டிய இடத்தில் `%s` என்று எழுதிச் சேமித்துவிட்டால், பிறகு Add Template Title வழியாகப் பெயரை மட்டும் அடித்துக்கொள்ளலாம். ஒரு பட்டையில் எத்தனை இடத்தில் அந்தக் குறியைப் போட்டாலும் எல்லாவற்றிலும் ஒரே சொற்கள்தாம் வரும். எனவே பெயருக்கு ஒரு வார்ப்பு, பொறுப்புக்கு இன்னொன்று என்று தனித்தனியாகச் செய்து, இரண்டு டிராக்குகளில் அடுக்கி, இரண்டுக்கும் அதே கீஃபிரேம்களை ஒட்டிக்கொள்ள வேண்டும். பொறுப்பு வரி பெயருக்கு மூன்று ஃபிரேம் தாமதமாக வரும்படி தள்ளி வைத்தால், கண் முதலில் பெயரையும் அதன்பின் பொறுப்பையும் படிக்கும்.