ராம்ப்பில் எதைப் பார்ப்பது?

ஃபேஷன் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர்கள் தங்கள் உடைகளை மேடையேற்றும் நாளில், விளக்குகள் அணைவதற்கு முன் முதல்வர் சில நிமிடம் பேசுவார். எதிரே பெற்றோர்கள், ஏற்றுமதி நிறுவனத்தார், ஜூனியர் மாணவர்கள். பிள்ளைகளின் உழைப்பையும் கைத்திறனையும் பாருங்கள் என்பதுதான் பெரும்பாலும் அந்தத் தொடக்க உரையின் சாரம். மனதாரச் சொல்லும் பாராட்டுதான். ஆனால் தையல் அறியாத ஒரு தகப்பனாருக்கு அந்த உழைப்பு உடையில் எங்கே இருக்கிறது என்று தெரியாது. ராம்ப்பில் ஓர் உடை ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை. நிறமும் ஜிகினாவும் கண்ணில் பட்டுவிடும், வேலை படாது.

எனவே முதல்வர் ஒரே ஓர் உடையை எடுத்து விளக்கினால் போதும் என்று நினைக்கிறேன். என்னைக் கேட்டால் கிராஸ் கட்டில் தைத்த நீண்ட கவுனைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

கிராஸ் கட் நம் பெண்களுக்குப் புதிதல்ல. ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போது டெய்லர் கேட்பாரே, அதேதான். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவுநூலுக்கும் குறுக்கே ஓடும் ஊடைநூலுக்கும் நடுவே, 45 டிகிரி சாய்வில் துணியை வெட்டுவது. நேராக இழுத்தால் நூல் அதிகம் கொடுக்காது. சாய்வாக இழுத்தால் நூல்களுக்கு இடையிலுள்ள சின்னச் சதுரங்கள் சரிந்து நீள்கின்றன, துணி உடலோடு ஒட்டி இறங்குகிறது. பாரிஸைச் சேர்ந்த மேடலின் வியோனே 1920களில் முழு கவுன்களையே இப்படி வெட்டிப் புகழ்பெற்றார். ஒரு சிறிய மரப்பொம்மையின் மேல் துணியைச் சுற்றிப் பார்த்துத்தான் அவர் வடிவங்களைக் கண்டுபிடித்தார்.

மாணவி ஒருத்தி இதைச் செய்ய முனைந்தால் முதலில் விலையுயர்ந்த துணியைத் தொடமாட்டாள். மலிவான மஸ்லின் துணியில் வெட்டி, டம்மியின் மேல் போட்டுப் பார்த்து, ஊசி குத்தித் திருத்தி, பிரித்து மறுபடி வெட்டுவாள். அந்தத் திருத்தங்களைக் காகித பேட்டர்னில் ஏற்றிய பிறகே நிஜத்துணி வரும். மஸ்லினில் சரியாக நின்ற வடிவம் ஷிஃபானிலும் அப்படியே நிற்கும் என்று நம்ப முடியாது, அது இன்னும் அதிகமாக இறங்கும். மேசையில் விரித்தாலே நழுவும். அதனால் கீழே காகிதம் வைத்து, துணியை அதோடு குத்தி, மடிக்காமல் ஒற்றையாக வெட்டுவது வழக்கம். சாய்வாக வெட்டுவதால் துணியும் கூடுதலாகச் செலவாகும்.

தைத்து முடித்ததும் கவுனின் அடியை உடனே மடித்துவிடக் கூடாது. இங்கேதான் அவசரக்காரர்கள் மாட்டிக்கொள்வார்கள். கவுனின் வட்டத்தில் சில இடங்களில் துணி சரியான சாய்வில் தொங்கும், சில இடங்களில் நேர்நூலுக்கு அருகே தொங்கும். சாய்வான இடம் தன் எடையாலேயே நீளும், மற்ற இடம் அவ்வளவு நீளாது. ஒரு நாளாவது டம்மியிலோ ஹேங்கரிலோ தொங்கவிட்டு, இறங்க வேண்டியதெல்லாம் இறங்கிய பின், தரையிலிருந்து ஸ்கேல் வைத்துச் சுற்றிலும் ஒரே உயரத்தில் புள்ளியிட்டு, மிச்சத்தை வெட்டி மடிக்க வேண்டும். ஷோவுக்கு முந்தைய இரவில் தைத்து முடித்த கவுனுக்கு இந்த ஒரு நாள் கிடைக்காது. மறுநாள் மேடையில் அதன் அடி அலையலையாக ஏறி இறங்கும்.

ஆகவே பார்வையாளர் அடிவிளிம்பைப் பார்க்கலாம். அடுத்து பக்கத்தையல். அக்குளிலிருந்து நேரே கீழே வருகிறதா, முழங்காலருகே முன்பக்கம் முறுக்கிக்கொள்கிறதா? முறுக்கினால், பெரும்பாலும் வெட்டும்போது நூல்திசை தவறியிருக்கும். பிறகு கழுத்து. அது மார்பில் படியாமல் வாய்பிளந்து நின்றால், தைக்கும்போது விளிம்பு இழுபட்டிருக்கிறது. கழுத்தைச் சுற்றி முன்கூட்டியே ஒரு காப்புத்தையல் ஓட்டியிருந்தால் அது நேராது.

லண்டன் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் 1992இல் முதுகலை முடித்தவர் அலெக்சாண்டர் மெக்வீன். அவருடைய இறுதி ஷோ உடைகளை இசபெல்லா ப்ளோ மொத்தமாக வாங்கிக்கொண்டது ஃபேஷன் உலகில் எல்லோரும் சொல்லும் கதை. அந்தக் கல்லூரிக்கு அவர் முதலில் போனது பேட்டர்ன் வெட்டக் கற்றுத்தரும் வேலை கேட்டு. பதினாறு வயதிலேயே சாவில் ரோ தையற்கடையில் கோட்டு தைக்கப் பழகிய கை அது. அவருடைய ஷோக்களின் அதிர்ச்சியைப் பற்றிப் பேசியவர்கள் அளவுக்கு அந்தக் கோட்டுகளின் தோள்தையலைப் பற்றிப் பேசியவர்கள் இல்லை. எனக்கு அது வருத்தம்தான்.

இன்னொன்றையும் முதல்வர் சொல்ல வேண்டும். கல்லூரிக் கூடத்தில் பேட்டர்ன் திருத்திக் கொடுத்த கட்டிங் மாஸ்டர், எம்பிராய்டரி போட்ட கைவினைஞர், கடைசி வாரத்தில் உதவிய டெய்லர் என்று ஓர் உடையில் பல கைகள் இருக்கும். எந்தத் தையல் மாணவியுடையது, எது வெளியே கொடுத்தது என்பது மஸ்லின் மாதிரிகளையும் பேட்டர்ன்களையும் கேட்டு வாங்கிப் பார்க்கும் ஆசிரியர்களுக்குத் தெரிந்துவிடும். அழைப்பிதழோடு தரும் தாளில் மாணவியின் பெயருக்குக் கீழே அந்த மாஸ்டரின் பெயரையும் அச்சிட ஒரு வரி போதும்.